பாக்கி மூன்று மாதம்

கடைத்தெருவில் என் சித்திக்கு ரசீதம்மா என்று பெயர். அவள் காதுபட யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். படி ஏறுவதைப் பார்த்ததும் உள்ளே இருப்பவர்களிடம் "ரசீதம்மா வராங்க, ஃபைலை எடு" என்பார்கள். அது சித்திக்கும் தெரியும். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

வருடக் கடைசியில் சின்னச் சின்னக் கடைகளின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது அவள் வேலை. முதலில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். கம்பெனியை மூடியபோது நாற்காலிக்குப் போட்டிருந்த மெத்தையையும், பச்சை மை பேனாவையும், சந்தேகப்படும் குணத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்பது சித்தப்பாவின் கணக்கு. மெத்தை கிழிந்துவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக உழைக்கின்றன.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அவள் வீட்டு முன்னறையில் பெட்டியைப் பிரிக்காமல் இருந்த சமயம் அது. என்னைச் சும்மா இருக்க விடக் கூடாது என்று, தொகைகளை உரக்கப் படிக்கும் வேலையைச் சித்தி எனக்குக் கொடுத்திருந்தாள். நான் படிப்பேன். அவள் பச்சை மையில் டிக் அடிப்பாள். சந்தேகம் வந்தால் பேனா காற்றிலேயே நிற்கும்.

அன்று சாப்பாட்டு மேஜையில் இருந்தது தையல் சாமான் கடையின் கணக்கு. பொத்தான், ஜிப், நூல்கண்டு, லேஸ், எலாஸ்டிக் விற்கும் கடை. அக்காவும் தம்பியும் கூட்டாக நடத்துகிறார்கள். அக்கா கடையில் உட்காருகிறார். தம்பி வேறு ஊரில் உத்தியோகம் பார்க்கிறார், பாதி முதல் அவருடையது. சில வருடங்களுக்கு முன்பு கணக்கைச் சரிபார்க்கச் சித்தியை ஏற்பாடு செய்தது தம்பிதான். அப்போதே போனில், "அக்காவுக்குக் கை கொஞ்சம் தாராளம். நீங்கதான் பாத்துக்கணும் மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அந்தக் கடையில் பல வருடமாகக் கணக்கு எழுதிவந்தவர் அந்த வருடம் நின்றுவிட்டார். கடைசி வாரத்து வேலைகளை அக்காவே செய்திருந்தார். சித்தி கேட்டதற்காக, வருட முடிவில் சரிக்கட்ட வேண்டிய செலவுகளை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். நான் படித்தேன்.

"கரண்ட் பாக்கி ஒரு மாசம். இன்ஷூரன்ஸ் பாக்கி அஞ்சு மாசம். கடை வாடகை பாக்கி மூணு மாசம்."

இந்தச் சரிக்கட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று சித்தி சொல்வாள். ஒரு வருடத்துச் செலவை அந்த வருடத்தில்தான் காட்ட வேண்டும், பணம் என்றைக்குக் கை மாறியது என்பது வேறு விஷயம். உபயோகித்துவிட்டுப் பணம் இன்னும் தராமல் இருந்தால், அது கொடுபட வேண்டிய செலவு, அதை இந்த வருடச் செலவோடு கூட்ட வேண்டும். அடுத்த வருடத்துக்கும் சேர்த்து இப்போதே கட்டியிருந்தால், அது முன்கூட்டிக் கட்டிய செலவு, அந்தப் பங்கை இந்த வருடத்திலிருந்து கழிக்க வேண்டும். எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதற்கு வாய் வார்த்தையை நம்பாமல் காகிதத்தைப் பார்க்க வேண்டும். ரசீதம்மா என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

கரண்டுக்குக் காகிதம் இருந்தது. கடைசி மாதத்து பில் அடுத்த மாதம்தான் வந்திருந்தது. அது கொடுபட வேண்டியது. சித்தி கூட்டினாள். இன்ஷூரன்ஸுக்கும் காகிதம் இருந்தது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பாலிசியிலேயே அச்சடித்திருந்தது. வருடம் முடிந்த பிறகும் ஐந்து மாதம் ஓடும். அது முன்கூட்டிக் கட்டியது. சித்தி கழித்தாள். அக்கா இரண்டுக்கும் 'பாக்கி' என்றே எழுதியிருக்கிறார் என்பது அவள் கண்ணில் படவே இல்லை. காகிதம் பேசிவிட்டதால் சொல்லை யாரும் கவனிக்கவில்லை.

வாடகைக்கு வந்தபோது பேனா நின்றது.

"வாடகைக் கணக்கில எத்தனை மாசம் போயிருக்கு, பாரு."

பார்த்தேன். முதல் ஒன்பது மாதம் மாதாமாதம் கட்டடச் சொந்தக்காரருக்குப் போயிருந்தது. பத்தாவது மாதம் ஒரே தடவையாக ஆறு மாத வாடகைத் தொகை போயிருந்தது. அது போன வங்கிக் கணக்கு வேறு யாரோ ஒருவருடையது. ஃபைலில் அதற்கு வங்கிச் சீட்டு மட்டும் இருந்தது. ரசீது இல்லை.

"ஆகப் பதினஞ்சு மாசம்" என்றேன்.

"வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம்தானே" என்றாள் சித்தி.

பிறகு வெள்ளைத் தாளில் மெல்ல எழுதினாள். சொந்தக்காரருக்குப் போனது ஒன்பது. அக்காவே எழுதிக் கொடுத்தபடி பாக்கி மூன்று. ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. அப்படியானால் வருடம் அத்தோடு நிறைந்துவிட்டது. யாரோ ஒருவர் கணக்குக்குப் போன ஆறு மாதப் பணம் வாடகையே இல்லை.

அவள் அதை இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. ஒரு மாதம் முன்னே பின்னே வந்திருந்தால் அவள் போனை எடுத்து அக்காவைக் கேட்டிருப்பாள். சரியாக வந்துவிட்டதுதான் கெடுத்தது.

வாடகையைப் பன்னிரண்டு மாதமாகக் காட்டினாள். மூன்று மாதத்தைக் கொடுபட வேண்டியது என்று பொறுப்புப் பக்கம், கடை தர வேண்டியவற்றோடு சேர்த்து எழுதினாள். ஆறு மாதத் தொகையை அக்காவின் சொந்த எடுப்பு என்று, கடையில் அவர் போட்ட முதலிலிருந்து கழித்தாள். இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. வருடத்துக்கு வாடகை எப்படியும் பன்னிரண்டு மாதம்தான் என்பதால் இதில் லாபம் ஒரு காசு மாறவில்லை. மாறியது அந்தப் பெண்ணின் முதலும் பெயரும் மட்டும்தான்.

"அவங்களையே ஒரு வார்த்தை கேட்டா என்ன சித்தி?"

"கேட்டா சுதாரிச்சுக்குவாங்க. என்னை வெச்சது தம்பி. அவருக்குச் சொல்றதுதான் முறை."

அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா குரல் கொடுத்தார். "உங்க சித்தி கையில மாட்டினா நான் என்ன ஆவேன்னு நெனச்சுப் பாக்கறேன். தினம் டீ குடிக்கிறதுக்கு ரசீது வாங்கி வெச்சுக்கணும் போல."

"உங்களுக்கு ரசீது எதுக்கு? சட்டையைப் பாத்தாலே தெரியுதே, எங்க குடிச்சீங்கன்னு" என்றாள் சித்தி. நல்ல உற்சாகத்தில் இருந்தாள். நெடுநாளைக்குப் பிறகு ஒரு பெரிய மீன் அகப்பட்டிருந்தது. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தார். வீட்டில் வைத்துப் பேசுவார் என்று சித்தி நினைத்திருந்தாள். அவர் நேராகக் கடைக்குப் போகலாம் என்றார். நானும் கூடப் போனேன்.

கடை ஒரு ஆள் திரும்பும் அகலம்தான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்றைத் தைத்து வைத்திருந்தது. கவுண்ட்டரில் பித்தளை அளவுகோல் பதித்திருந்தது, நடுவில் தேய்ந்து எண்கள் அழிந்துவிட்டன. அக்கா எலாஸ்டிக்கை இழுத்து அளந்துகொண்டிருந்தார். தெருமுனைத் தையற்காரர் தோளில் டேப்போடு நின்றார். அவர் பக்கத்தில் ஒரு பெண் நூல்கண்டுகளைத் துணியோடு வைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடா. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே. வாங்க மேடம், உள்ள வாங்க" என்றார் அக்கா. முக்காலியைத் துடைத்துச் சித்தி பக்கம் தள்ளினார்.

தம்பி உட்காரவில்லை. "அக்கா, அந்த ஆறு மாச வாடகை யாருக்குப் போச்சு?"

"எந்த ஆறு மாசம்?"

"கணக்குல பதினஞ்சு மாச வாடகை போயிருக்கு. நீயே மூணு மாசம் பாக்கின்னு எழுதிக் கொடுத்திருக்கே. அப்ப நடுவுல ஆறு மாசப் பணம் எங்க? யாரோ பேருக்கு அனுப்பியிருக்கே. மேடம் எல்லாம் பாத்துட்டாங்க."

அக்கா எலாஸ்டிக்கை விட்டார். அது சுருங்கிக்கொண்டு சுருளுக்குள் போனது. நூல் பார்த்துக்கொண்டிருந்த பெண் கண்டுகளைக் கீழே வைத்தாள்.

தையற்காரருக்கு அவசரம் போலிருந்தது. "அக்கா, பேச்சுக்கு நடுவுல கேக்கறேன்னு நினைக்காதீங்க. போன வாரம் வாங்கினேனே அந்த நீல லேஸ், அதுல பாக்கி இருக்கா?"

"இருக்கு. நாலு மீட்டர் பாக்கி இருக்கு, தரேன்" என்றார் அக்கா, தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் பக்கத்தில் சித்தி அசைந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு 'பாக்கி' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. பிறகு முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள், யாரோ பெரியவர்கள் வந்தாற்போல. அக்கா விளக்கம் சொல்லத் தொடங்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"வாடகை பாக்கி இருக்குன்னுதான்டா எழுதினேன்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "ஆறு மாசம் மொத்தமா கட்டினேன். மூணு மாசம் கழிஞ்சது, இன்னும் மூணு மாசம் நம்ம கையில பாக்கி இருக்கு. லேஸ் பாக்கி இருக்குன்னா லேஸ் இருக்குன்னுதானே அர்த்தம். நான் லேஸுக்குக் கடனா பட்டிருக்கேன்?"

"மொத்தமா எதுக்குக் கட்டினே?"

"மேல் கூரை ஒழுகுது, ரிப்பேருக்கு ஆறு மாச வாடகையை முன்னாடியே கொடுங்கன்னு கட்டடக்காரர் கேட்டார். வேலையைப் பாக்கறது அவர் மாப்பிள்ளை, மாப்பிள்ளை கணக்குக்கே அனுப்பச் சொன்னார். ஒழுகினா நனையறது நம்ம சரக்குதானே."

அப்போது சித்தி பேசினாள். அவள் கேட்டது இதுதான்: "ரசீது இருக்கா?"

வேறு எந்த வார்த்தையையும்விட அதுதான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவளே அதை நினைத்துக் கேட்கவில்லை. வாய் பழகிய தடத்தில் போய்விட்டது. அக்கா அவளை ஒரு முறை பார்த்தார். கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கவுண்ட்டரில் வைத்தார். கட்டடச் சொந்தக்காரரின் கையெழுத்து, ஆறு மாதப் பெயர்களும் வரிசையாக, மாப்பிள்ளையின் கணக்கு எண்ணோடு.

"பெரிய தொகையாச்சேன்னு என்கூடவே வெச்சிருந்தேன். யாரும் கேக்கல" என்றார்.

தம்பி தாளைப் படித்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். "என்ன மேடம் இது?"

"நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் சித்தி. நான் நின்ற இடத்துக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

"சரி விடுக்கா. கணக்குன்னு வந்தா நாலு கேள்வி கேக்கத்தான் செய்வாங்க. இதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு" என்று தம்பி சிரித்தார்.

"கேக்கறதுல தப்பில்ல. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம்" என்றார் அக்கா. லேஸை எடுத்து அளக்கத் தொடங்கினார். நான்கு மீட்டர் அளந்து முடிப்பதற்குள் இரண்டு தடவை விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தி சுவர் ஓரமாகவே நடந்தாள். காய்கறிக்காரி கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. சாப்பிடும்போது சித்தப்பா, "என்ன, மீன் வலையை அறுத்துக்கிட்டுப் போயிடுச்சா?" என்றார். சித்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே அவர் கையை உதறினார். மேலே சொல்ல வேண்டாம் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் கணக்கைத் திருத்தினாள். என்னை அழைக்கவில்லை, தானே முணுமுணுத்துப் படித்துக்கொண்டாள். பொறுப்புப் பக்கத்தில் இருந்த வாடகை மூன்று மாதத்தை அடித்தாள். சொத்துப் பக்கத்தில் 'முன்கூட்டிக் கட்டிய வாடகை, மூன்று மாதம்' என்று எழுதினாள். அக்காவின் எடுப்பிலிருந்து ஆறு மாதத் தொகையை நீக்கினாள். பதினைந்தில் மூன்று போகப் பன்னிரண்டு. லாபம் இந்தத் தடவையும் மாறவில்லை.

"இன்ஷூரன்ஸுக்கும் இதே சொல்தான் எழுதியிருக்காங்க" என்றாள் தாளைப் பார்த்தபடி. "பாலிசியைப் பாத்து அதைக் கழிச்சேன். அடுத்த வரியே வாடகை. ஏன்டி, அதுக்கு மட்டும் எனக்குக் கண்ணு எங்க போச்சு?"

'கை கொஞ்சம் தாராளம்' என்று தம்பி போனில் சொன்ன வரி எனக்கு நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் பாதிப் பழியை அவர் தலையில் கட்டியது போல ஆகும்.

சாயங்காலம் அலமாரியிலிருந்து தைக்காத ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்தாள். "தையற்காரர் அங்க நின்னாரே. அவர் நாலு பேர்கிட்ட சொல்றதுக்குள்ள நான் போய்ச் சொல்லிடறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

தையற்காரர் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே சித்தி ஆரம்பித்தாள். அந்த அக்கா வாடகைப் பணம் எதையும் எடுக்கவில்லை, எல்லாம் என் தப்பு, ஒரு சொல்லை மாற்றிப் படித்துவிட்டேன், கணக்கு முழுக்கச் சரியாக இருக்கிறது. கம்பெனியில் அறிக்கை படிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

தையற்காரர் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டார். "பணத்தை எடுத்துட்டாங்கன்னா பேச்சு? கட்டடக்காரர் வாடகை ஏத்தறார், அதுக்குத்தான் அக்காவும் தம்பியும் பேசிக்கறாங்கன்னு நெனச்சேன். எனக்கு லேஸ் கவலை." சற்று நிறுத்தி, ஆர்வத்தோடு கேட்டார். "எவ்வளவு எடுத்ததா சொன்னாங்க?"

"எடுக்கவே இல்லைங்க."

"அது சரி. சும்மா கேக்கறேன். ஒரு பேச்சுக்கு, எவ்வளவு?"

வெளியே வந்ததும் சித்தி மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அழவில்லை. யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று மூடிக்கொண்டிருந்தாள்.

"தெரியாதவருக்கும் நானே போய்த் தெரிய வெச்சுட்டேன்" என்றாள் துணிக்குள்ளிருந்து.

பிறகு எழுந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைப் பக்கம் நடந்தாள். திருத்திய கணக்கு பையில் இருந்தது.

கடையில் அக்கா தனியாக இருந்தார். முக்காலியைத் துடைத்துத் தள்ளினார், நேற்றைப் போலவே. சித்தி உட்காரவில்லை. கணக்கை வைத்துவிட்டு, தையற்காரரிடம் போனதையும் அவர் கேட்டதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது கவுண்ட்டரின் பித்தளை அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்" என்றார் கடைசியில். "நாளைக்கு நூலுக்கு வருவார். நான் பேசிக்கறேன். நீங்க இனிமே யார்கிட்டயும் போய்ச் சொல்லாதீங்க."

"சரிங்க."

"தம்பி காலையிலேருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டான். எடுக்கல. எடுத்தா என்ன பேசறதுன்னு தெரியல. சின்ன வயசில அவன் என் பையிலேருந்து எடுத்திருக்கான். நான் கேட்டதே இல்ல." அதைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருந்தியவர் போல மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கை இழுத்தார்.

ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரல் வாடகையில் நின்றது, பிறகு நகர்ந்தது. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு மறுபடி பொறுப்புப் பக்கத்துக்கு வந்தார்.

"கரண்ட் இருக்கு. உங்க கூலியைக் காணோமே."

"எனக்கு வேண்டாங்க."

"வேணுமா வேண்டாமான்னு நான் கேக்கல. வருஷா வருஷம் இங்க ஒரு வரி வரும். அந்த வருஷத்துக் கணக்கைப் பாத்ததுக்கு உள்ள கூலி, அந்த வருஷத்துச் செலவு, கொடுக்கறது மட்டும் அப்புறம்னு நீங்களேதான் பழைய கணக்குப்பிள்ளைகிட்ட சொல்லுவீங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன், காதுல விழும். இப்ப அதை விட்டுட்டா லாபம் அவ்வளவு கூடுதலாத் தெரியும். என் கணக்கு அப்படித் தப்பா இருக்க வேண்டாம்."

"இந்த வருஷம் நான் பாத்த வேலைக்கு..."

"பாத்தீங்க இல்ல? எழுதுங்க."

சித்தி பையில் பேனாவைத் தேடினாள். பச்சைப் பேனா கைக்கு வந்தது. அதை உள்ளே போட்டுவிட்டு, அக்காவின் மேஜையிலிருந்த நீலப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். கரண்டுக்குக் கீழே 'சரிபார்ப்புக் கூலி, கொடுபட வேண்டியது' என்று எழுதினாள். எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. செலவில் கூட்டினாள், லாபத்தில் குறைத்தாள், இருவர் முதலிலும் சரிபாதியாகக் கழித்து இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். எல்லாம் முடிய நெடுநேரம் ஆனது. அக்கா அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை.

முடித்ததும் அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். கூலி ஏற்கெனவே அதில் இருந்தது. சித்தி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"ரசீது கொடுங்க" என்றார் அக்கா.